பத்து வெள்ளி முன்பணமும் 163 ரவிக்கைகளும்: லிட்டில் இந்தியா தையல் கடை ஒன்றின் இரண்டு தீபாவளிகள்

2024 அக்டோபர் 30, புதன்கிழமை. மறுநாள் தீபாவளி. இரவு ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னத் தையல் கடையின் வாசலில் பள்ளி ஆசிரியை ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய காஞ்சிபுரப் பட்டுச் சேலையின் முனையிலிருந்தே வெட்டிய ரவிக்கை மேசைமேல் கிடந்தது. தைத்தாகிவிட்டது, ஆனால் ஹூக் வைக்கவில்லை. போட்டுப் பார்த்தபோது கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. உள்ளே அரை அங்குலத் துணிதான் விட்டிருந்தது, பிரித்து விடவும் வழியில்லை. அவர் கோபப்படவில்லை. "நீங்க அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற சேலை கட்டியிருப்பேன், அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தை நான்தான் பார்க்கிறேன். அன்று மூலையில் உட்கார்ந்து ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய ரசீது எண் 131. அதைக் கடையை நடத்தும் அக்கா எழுதிக் கொடுத்த தேதி செப்டம்பர் 28. கொடுத்த வாக்கு, அக்டோபர் 24. அந்த வாக்கு எப்போது பொய்யானது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தீபாவளி முடிந்த வாரம் இருவரும் உட்கார்ந்து ரசீது ரசீதாகப் பார்த்தோம். அடுத்த ஆண்டு முறையை மாற்றினோம். இரண்டு பருவங்களிலும் என்ன நடந்தது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

கடையில் ஒரு நாளில் எத்தனை ரவிக்கை?

கடையில் இரண்டு பேர். அக்கா அளவெடுப்பார், வெட்டுவார், நேரம் கிடைத்தால் தைப்பார். சம்பளத்துக்கு வரும் தங்கச்சி முழுநேரமும் மெஷினில் இருப்பார். ஹெம்மிங்கும் ஹூக்கும் வெளியே ஒரு அம்மாவிடம் போகும், அதில் தடங்கல் வந்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் தைப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்கும் தேக்கா வட்டாரம் முழுவதும் கூட்டம் என்பதால் அன்று துணி வாங்குவதும் கொடுப்பதும் மட்டும்தான்.

லைனிங் வைத்த சாதாரண ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறி போட்டு, மேல்துணியையும் லைனிங்கையும் வெட்ட 40 நிமிடம். தைக்க இரண்டரை மணி நேரம். போட்டுப் பார்த்தபின் சரிசெய்ய அரை மணி நேரம். ஆக 220 நிமிடம். இதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு வாரம் குறித்து எடுத்தோம். அக்கா அதுவரை "ஒரு ரவிக்கைக்கு ரெண்டு மணி நேரம்" என்றே நம்பிக்கொண்டிருந்தார். மெஷினில் உட்கார்ந்த நேரம்தான் அவருக்கு வேலையாகத் தெரிந்தது. வெட்டுவதும் திருத்துவதும் இடையிடையே நடப்பதால் அவர் கணக்கில் சேரவே இல்லை.

அப்புறம் கடையில் உள்ள நேரம். தங்கச்சிக்கு எட்டு மணி நேரம். அக்கா காலை 11 மணியிலிருந்து இரவுவரை கடையில் இருந்தாலும், பருவத்தில் நாளுக்கு நாலு மணி நேரமாவது வருகிறவர்களோடு போய்விடும். துணியைப் பார்ப்பது, கழுத்து எப்படி வேண்டும் என்று பேசுவது, "முடிஞ்சுதா" என்று கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது. கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். இருவருக்கும் சேர்த்து 780 நிமிடம், அதாவது நாளுக்கு மூன்றரை ரவிக்கை. வாரத்துக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால் 20.

2024இல் தீபாவளித் தைப்பு செப்டம்பர் 16, திங்கட்கிழமை தொடங்கியது. அக்டோபர் 26 வரை ஆறு வாரம், 120 ரவிக்கை. அக்கா வாங்கியிருந்தது 163.

பொய்யான வாக்கு எந்த நாளில் பிறந்தது

செப்டம்பர் 28 இரவு நிலவரம் இது. அதுவரை எழுதிய ரசீது 131. இரண்டு வாரத்தில் தைத்து முடித்தது 40. மிச்சம் 91. வாரத்துக்கு 20 என்றால் நாலரை வாரம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் 131ஆம் எண் முடியும் நாள் அக்டோபர் 30. ரசீதில் எழுதியது 24. அதாவது அந்தத் தேதி எழுதப்பட்ட நிமிடத்திலேயே ஆறு நாள் பிந்திவிட்டது. மெஷின் கெடவில்லை, யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை, எந்த விபத்தும் நடக்கவில்லை. அக்காவுக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. "தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி" என்பதை எல்லாருக்கும் ஒரே தேதியாகச் சொல்லிப் பழகிவிட்டார். வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதைப் பார்த்து ஒருமுறைகூடத் தேதி சொன்னதில்லை.

எல்லாருக்கும் ஒரே தேதி என்றால் அந்த வாரத்தில் எது முன்னால் போகும்? கடைக்கு நேரில் வந்து நின்றவருடையது. ரசீதுகளைப் பார்த்தால் அது அப்படியே தெரிகிறது. 140க்கு மேற்பட்ட எண்களில் ஒன்பது பேருக்கு ஆசிரியைக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அவர்கள் அக்டோபர் 20லிருந்து தினமும் வந்தவர்கள். ஆசிரியை 24ஆம் தேதி வந்தார், அப்போது வெட்டவே இல்லை. 27, ஞாயிறு வந்தார். லைனிங்கோடு சேர்த்துக் குண்டூசி குத்திய கைத் துண்டு இரண்டும், அவற்றின்மேல் ரசீதும் இருந்தன. அதைப் பார்த்து நம்பிக்கையோடு திரும்பிப் போனார். 30ஆம் தேதி அவசரத்தில் தைத்ததில் போட்டுப் பார்க்க நாள் இல்லை. பொறுமையாக இருந்தவருக்குத்தான் கடைசியில் ரவிக்கை பொருந்தாமல் போனது. இதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான்.

எடுக்காமல் விட்ட பதினேழு

கடைசி இரண்டு வாரம் அக்காவும் தங்கச்சியும் இரவு ஒன்று, இரண்டு மணிவரை தைத்தார்கள். அப்படியும் தைத்து முடித்தது 139. மீதி 24 பேருக்கு இல்லை என்று சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததுதான். தலையைச் சுற்ற வைத்தது இன்னொன்று. தைத்து முடித்த 139இல் 17 ரவிக்கைகளை யாரும் எடுக்க வரவில்லை. நவம்பர் கடைசிவரை அலமாரியில் பிளாஸ்டிக் பையில் தொங்கின.

அவர்களில் பலரை அக்காவுக்குத் தெரியும். அழைத்துக் கேட்டபோது மழுப்பாமல் பதில் சொன்னார்கள். ஒருவர், "நீங்க லேட்டாக்கிடுவீங்களோன்னு பயந்து ரெடிமேட் ஒண்ணு வாங்கிட்டேன், அக்கா" என்றார். இன்னொருவர் வேறு கடையில் வேறு சேலைக்கு ஒன்று கொடுத்திருந்தார், அது முந்தி வந்துவிட்டது. முன்பணம் பத்து வெள்ளி. ரவிக்கைக்கு 45 வெள்ளி. பத்தை விட்டுவிட்டு மீதி 35ஐ மிச்சப்படுத்துவது அவர்களுக்கு நல்ல கணக்கு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடையின் பக்கம் பாருங்கள். 17 ரவிக்கை, ஒவ்வொன்றும் 220 நிமிடம், மொத்தம் 62 மணி நேரம். கடையின் ஒரு நாள் 13 மணி நேரம் என்றால், கிட்டத்தட்ட ஐந்து நாள் வேலை. அந்த ஐந்து நாள் கையில் இருந்திருந்தால் பணம் திருப்பிக் கொடுத்த 24 பேரில் 17 பேருக்குத் தைத்திருக்கலாம். ஆசிரியைக்கு ஒழுங்காகப் போட்டுப் பார்க்க நாள் கொடுத்திருக்கலாம்.

முன்பணம் குறைவு என்பதை நாங்கள் அதுவரை ஒரு பிரச்சினையாகவும், தாமதத்தை வேறொரு பிரச்சினையாகவும் பார்த்துவந்தோம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கடை பிந்தும் என்ற பயத்தில் மக்கள் இரண்டு இடத்தில் கொடுக்கிறார்கள். பத்து வெள்ளிதான் போகும் என்பதால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது எளிது. எடுக்கப்படாத ரவிக்கைகள் கடையின் நேரத்தைத் தின்கின்றன. அதனால் கடை உண்மையிலேயே பிந்துகிறது. அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் பேர் பயப்படுகிறார்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது இழுத்துவிடும் என்று முடிவு செய்து இரண்டையும் சேர்த்தே மாற்றினோம்.

முன்பணம் எவ்வளவு?

அக்கா முதலில் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய பொருள். பொருந்தவில்லை என்றால் வாடிக்கையாளர் கையில் ஏதாவது பிடி இருக்க வேண்டும், மீதிப் பணம்தான் அந்தப் பிடி. முழுப் பணமும் வாங்கிய கடையில் திருத்தத்துக்கு வந்த துணி எப்படிக் கடைசிக்குப் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் அவசர வாரத்தில் யார் கையும் பணம் வராத வேலையைப் பின்னால்தான் தள்ளும்.

சரி, எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? வாடிக்கையாளர் போட்டுப் பார்க்க வராமலேயே போய்விட்டால் அதுவரை கடைக்கு எவ்வளவு செலவு ஆகியிருக்கும் என்று எண்ணினோம். லைனிங் துணி ஐந்து வெள்ளி. வெட்டுக்கும் தைப்புக்கும் உழைப்பு, அந்த நேரத்துக்கு உரிய வாடகைப் பங்கு. எல்லாம் சேர்த்து 25 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. 25 என்று வைத்தோம். மீதி 20.

இந்தத் தொகைக்கு ஒரு காரணம் இருப்பது சட்டத்துக்கும் முக்கியம். சிங்கப்பூரில் முன்னாலேயே கொடுக்கும் பணம் எல்லாம் ஒன்றல்ல. ஒப்பந்தத்துக்கு உறுதியாகக் கொடுத்த வைப்புத்தொகை என்றால், வாங்குபவர் பின்வாங்கும்போது கடை அதை வைத்துக்கொள்ளலாம், தொகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுத்தது என்றால் கடை தன் உண்மையான இழப்பை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். எது எது என்பது ரசீதில் எழுதியிருப்பதையும் பேசியதையும் பொறுத்தது. கடையே சொன்னபடி கொடுக்கத் தவறினால் கதை முற்றிலும் வேறு. "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று சுவரில் எவ்வளவு பெரிதாக ஒட்டினாலும், தைத்துக் கொடுக்காத ரவிக்கைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளிவரையான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கேட்பார்கள், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 45 வெள்ளி ரவிக்கைக்கு யாரும் போவதில்லை. வெட்டிக் கெடுத்த 600 வெள்ளிப் பட்டுக்குப் போவார்கள்.

ஆகவே புதிய ரசீதில் அக்கா தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வாக்கியம் அச்சடித்தார். துணியை வெட்டுவதற்கு முன் வேண்டாம் என்றால் 25 வெள்ளியும் திரும்பக் கிடைக்கும். வெட்டியபின் வேண்டாம் என்றால் வைப்புத்தொகை கடைக்கு, துணி வாடிக்கையாளருக்கு. கடை தவறினால் முழுப் பணமும் திரும்பும் என்பதை அச்சடிக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னார்.

பணம் பெரும்பாலும் கைப்பேசியில் அனுப்பும் பேநவ் வழியாக வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் ரசீது எண்ணைப் போடச் சொன்னோம். 2024இல் யார் எதற்கு அனுப்பினார்கள் என்று தேடியே எனக்கு இரண்டு மாலை போனது. இன்னொன்றும் செய்தோம். முன்பணத்தைக் கடைச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தோம், ரவிக்கையைப் போட்டுப் பார்த்த பிறகே எடுத்தோம். 2024இல் 24 பேருக்கும் பணம் திருப்ப வேண்டிய நாளில் அது ஏற்கெனவே லைனிங்காகவும் நூலாகவும் மாறிவிட்டிருந்தது. அக்கா வீட்டுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வரி போட்ட நோட்டு

2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. முந்தைய ஆண்டைவிடப் பதினொரு நாள் முன்னால். இந்தப் பதினொரு நாளைத்தான் பல கடைகள் கவனிக்காமல் விடுகின்றன. ஆள்கள் துணி கொண்டுவரும் பழக்கம் மாதத்தை ஒட்டியது, செப்டம்பர் நடுவில்தான் நினைவு வரும். பண்டிகையோ ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும்.

நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். அக்டோபர் 13இல் தொடங்கும் வாரத்தில் புதிதாக எதுவும் வெட்டக் கூடாது, திருத்துவதும் கொடுப்பதும் மட்டும். அதற்கு முன் ஆறு பக்கம், செப்டம்பர் 1, 8, 15, 22, 29, அக்டோபர் 6. ஒவ்வொரு பக்கத்திலும் 20 வரி போட்டு, 17 வரைக்கும்தான் பெயர் எழுதலாம் என்று சிவப்புக் கோடு இழுத்தோம். கீழே மூன்று வரி வெற்று. மெஷின் கெட்டால், தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால், ஒரு ரவிக்கையை மறுபடி பிரிக்க வேண்டிவந்தால் அந்த மூன்றுதான் காப்பு.

அக்காவுக்கு இந்த மூன்று வரிமேல்தான் பெரிய மனக்கசப்பு. முதல் வாரத்திலேயே இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, "பதினெட்டு வரிக்கு மூணு வாரம் வேலையை விட்டுக் கொடுத்த மாதிரி இருக்கு" என்றார். கூட்டிப் பார்த்தால் ஒரு வாரத்துக்கும் குறைவு, ஆனால் அவருக்கு அப்படித் தோன்றியது. பருவம் முடிந்தபோது அந்தப் பதினெட்டில் பதினொன்று உண்மையாகவே செலவாகியிருந்தது. வெற்று வரி விடாமல் இருந்திருந்தால் அந்தப் பதினொன்றும் அடுத்தவருடைய தேதியைத்தான் தின்றிருக்கும்.

பெயர் எப்போது வரியில் ஏறும் என்பதில் கண்டிப்பாக இருந்தோம். துணி, அளவு, முன்பணம் மூன்றும் கடையில் இருக்க வேண்டும். "அக்கா, எனக்கு ஒரு இடம் வச்சிருங்க, அடுத்த வாரம் துணி கொண்டாரேன்" என்பவர்களுக்கு இடம் கிடையாது. முன்பெல்லாம் பேசிய நாளிலிருந்து நாள் எண்ணுவார்கள், துணி பத்து நாள் கழித்து வரும், வாக்குத் தேதி மட்டும் நகராது.

ரசீதில் இரண்டு தேதி. முதலாவது போட்டுப் பார்க்கும் நாள், அந்தப் பக்கத்து வாரத்தின் சனிக்கிழமை. இரண்டாவது எடுத்துப்போகும் நாள், அதற்கு ஐந்து நாள் கழித்து வியாழக்கிழமை. அக்கா வாயால் வலியுறுத்திச் சொன்னது முதல் தேதியைத்தான். அன்று ரவிக்கை பக்கத் தையல் தளர்வாகப் போட்டு, ஹூக் இல்லாமல், உள்ளே ஒன்றரை அங்குலம் விட்டுத் தயாராக இருக்கும். ஆசிரியைக்கு நடந்தது திரும்ப நடக்காமல் இருப்பதற்கு அந்த ஒன்றரை அங்குலமும் அந்தச் சனிக்கிழமையும்தான் காரணம். வாடிக்கையாளர் அன்று வராவிட்டால் ரவிக்கை வெற்று வரி இருக்கும் அடுத்த பக்கத்துக்கு நகரும், எடுக்கும் தேதியும் நகரும். இதையும் சொல்லித்தான் பணம் வாங்கினார்.

சொல்வது எளிதாக இல்லை. முதல் சில நாள் நான் பக்கத்தில் இருந்தேன்.

"எப்பவும் பத்து வெள்ளிதானே வாங்குவீங்க?" என்றார் ஒரு பெண்.

"ஆமாம்மா, போன வருஷம்வரைக்கும். இப்ப பாரு, இந்தப் பக்கத்துல பதினொண்ணாவது வரி உன்னுது. உன் பேரை எழுதிட்டேன்னா வேற யாருக்கும் அதைக் குடுக்க மாட்டேன். அதுக்குத்தான் இருபத்தஞ்சு."

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேலே பத்துப் பெயர். கைப்பேசியை எடுத்துப் பணத்தை அனுப்பினார். நோட்டைக் காட்டிய பிறகு விலை பேசியவர்கள் மிகக் குறைவு. தேதி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தால் முன்பணம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆரி வேலைக்கு வேறு நாள்காட்டி

மேலே சொன்ன கணக்கு எதுவும் ஆரி வேலைக்குப் பொருந்தாது. ஆரிக்குத் துணியில் கழுத்தும் கையும் குறி போட்டு, வெட்டாமல் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கைவேலை முடித்து அனுப்பிய பிறகே இங்கே வெட்ட முடியும். 2024இல் எட்டு துணி ஒரே பார்சலில் அக்டோபர் 24ஆம் தேதி வந்து இறங்கியது. மற்ற வேலைகள் எல்லாம் அன்றோடு நின்றன.

2025இல் ஆரித் துணிக்கு ஜூலை கடைசியோடு நிறுத்தினோம். ஆரிக்கான கூலியை அக்கா முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால் அது முழுவதும் முன்பணம், தைப்புக் கூலிக்கு வழக்கமான 25 தனி. நோட்டில் வரி, பார்சல் கையில் கிடைத்த நாளில்தான் ஏறும். அனுப்பிய நாளை வைத்து யாருக்கும் தேதி சொல்லவில்லை. தன் கையில் இல்லாத வேலைக்குத் தேதி கொடுப்பதைவிடப் பெரிய தப்பு இந்தத் தொழிலில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

கேக் செய்கிறவர் கேட்டது

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் உறவுக்காரப் பெண் உட்லண்ட்ஸில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் கேக் செய்து விற்பவர். "எனக்கு அடுப்பு எத்தனை தடவை எரியும்னு கணக்குப் போடணுமா?" என்றார். ஒரு மாலை அவர் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தோம். அடுப்பில் நாளுக்கு ஆறு கேக்கூடப் போகும். ஆனால் கிரீம் பூசிய கேக் இரவு முழுவதும் குளிரில் இருந்தால்தான் மறுநாள் பயணம் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் எட்டு அங்குலக் கேக் பெட்டி இரண்டுதான் நிற்கும். அவருடைய சனிக்கிழமையில் வரிகள் இரண்டு, அவ்வளவுதான். வேறு ஆளை வைத்துச் செய்வதும் முடியாது. வீவக வீட்டில் தொழில் செய்ய அனுமதி அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான், வெளியாளை வேலைக்கு அழைக்கக் கூடாது. பெயர் எழுதிய கேக்கை வேறு யாருக்கும் விற்க இயலாது என்பதால் அவர் பாதிப் பணத்தை முன்னாலும், மீதியைக் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பும் வாங்குகிறார். கேக்கைத் திருத்திக் கொடுக்க வழியில்லை, அதனால் மீதிப் பணம் கையில் இருப்பது வாடிக்கையாளருக்குப் பெரிதாக உதவுவதில்லை. ரவிக்கையில் நான் சொன்ன பிடி இங்கே வேலை செய்யாது.

2025இல் என்ன ஆனது

ஆறு பக்கமும் செப்டம்பர் 19ஆம் தேதி நிரம்பிவிட்டன. மொத்தம் 102 பெயர். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அக்கா இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய நாற்பது பேர். பதினைந்து ஆண்டாக வரும் ஒரு ஆன்ட்டி, "எனக்கே இல்லையா?" என்று கேட்டுவிட்டு வேகமாக வெளியேறினார். அன்று அக்கா மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

செலவாகாமல் மிஞ்சிய ஏழு வெற்று வரிகளைக் கடைசி இரண்டு வாரத்தில் அவசரத் தைப்புக்குத் திறந்தோம், 45க்குப் பதில் 60 வெள்ளி. அவசரக் கட்டணம் வாங்குவதில் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது, அது வெற்று வரியிலிருந்துதான் வர வேண்டும். ஏற்கெனவே பெயர் எழுதிய வரியைத் தள்ளிவிட்டு வாங்கும் அவசரக் கட்டணம் இன்னொருவருடைய இடத்தை விற்ற பணம். அந்த ஆன்ட்டியை அக்காவே கூப்பிட்டு முதல் வரியைக் கொடுத்தார், அவரிடம் மட்டும் 45தான் வாங்கினார். எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் கடை அவருடையது.

102 பேரில் 97 பேருக்கு ரசீதில் எழுதிய நாளில் கிடைத்தது. நான்கு பேருக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியது, எல்லாம் தீபாவளிக்கு முன்பே. ஒருவர் வெட்டியபின் வேண்டாம் என்றார். ரசீதில் இருந்தபடி 25 வெள்ளி கடைக்கு நின்றது, வெட்டிய துணியைப் பையில் போட்டுக் கொடுத்தோம், சண்டை வரவில்லை. எடுக்காமல் விட்டவை, ஒன்றும் இல்லை.

வருமானத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். 2024இல் 122 பேர் பணம் கட்டி எடுத்துப்போனார்கள். 2025இல் 108. மேலோட்டமாகப் பார்த்தால் வரவு 5,660 வெள்ளியிலிருந்து கிட்டத்தட்ட 4,975க்கு இறங்கியிருக்கிறது. 2024 கணக்கிலிருந்து தங்கச்சிக்குக் கொடுத்த இரவு வேலைக் கூலி 600 வெள்ளியையும், கெட்டுப்போன மூன்று துணிகளுக்குக் கொடுத்த 390 வெள்ளியையும் கழித்தால்தான் 2025 சற்று மேலே நிற்கிறது. பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கடை இரவு ஒன்பதுக்கு மூடியது.

ஆசிரியை 2025 செப்டம்பர் முதல் வாரம் வந்தார். அக்கா எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது பக்கத்தில் நாலாவது வரி. போட்டுப் பார்த்தபோது கை கொஞ்சம் இறுக்கம், உள்ளே துணி இருந்ததால் கால் அங்குலம் பிரித்துவிட்டார்கள். முன்பணம் வாங்க மாட்டேன் என்று அக்கா மறுத்துப் பார்த்தார். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "மத்தவங்க குடுத்தாங்கல்ல?" என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போனார்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆறு பக்கம் பின்னோக்கிப் போனால் முதல் பக்கம் செப்டம்பர் 21இல் தொடங்குகிறது, கடைசிச் சனிக்கிழமை அக்டோபர் 31. ஆனால் இந்த முறை நவராத்திரி அந்த ஆறு பக்கத்துக்கு நடுவிலேயே வருகிறது. கோவில் நிகழ்ச்சிகளுக்கு நடன உடுப்பு தைக்கும் பிள்ளைகள் அக்காவிடம்தான் வருவார்கள், ஒரு உடுப்புக்கு ரவிக்கையைப்போல் மூன்று பங்கு நேரம். அதற்கு எத்தனை வரி ஒதுக்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. நேரம் குறிக்க இந்த மாதம் ஒரு உடுப்பைக் கைப்பேசி வைத்துத் தைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.